நியூஸ் இஸ், சிசர்ஸ் ஆர்

இரண்டாம் உலகச் சண்டைக் காலத்தில் அரியலூரில் ஓர் அச்சகத்தில் நான் புரூஃப் ரீடராக இருந்தேன். ரீடர் என்று சொன்னால் பெரிய உத்தியோகம்போலத் தோன்றும். கல்யாணப் பத்திரிகை, கருமாதிக் கடிதம், கடைக்காரர்களின் ரசீதுப் புத்தகம், சங்கங்களின் நோட்டீஸ் இவற்றில் எழுத்துப் பிழை பார்ப்பதுதான் வேலை. அச்சகத்தில் மொத்தம் நான்கு பேர். முதலாளி, கம்பாசிட்டர், மிஷின் மிதிப்பவர், நான். எனக்கு அப்போது இருபது வயது. எஸ்.எஸ்.எல்.சி.யில் இங்கிலீஷில் பள்ளிக்கூடத்திலேயே முதலாவதாக வந்தவன். திருச்சிக்குப் போய்க் காலேஜில் சேர வேண்டும் என்று இருந்தேன், வீட்டில் முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அந்த எரிச்சல் எனக்குப் பல வருஷம் இருந்தது. காலேஜ் படித்தவர் யார் எதிரே வந்தாலும் அவருடைய இங்கிலீஷில் என்ன ஓட்டை இருக்கிறது என்று தேடிக்கொண்டே இருப்பேன்.

முதலாளிக்கு இங்கிலீஷ் எழுத்துக்கூட்டிப் படிக்க வரும், அதற்கு மேல் வராது. அதனால் என்னை வேலைக்கு எடுத்த முதல் வாரத்திலேயே ஒன்று சொல்லிவிட்டார்.

"இங்கிலீஷ்ல எவனாவது தப்பா எழுதிக் குடுத்திருந்தா நீயே பாத்து சரி பண்ணிடு. என்கிட்ட கொண்டாந்து நிக்காதே."

இது எனக்குச் சர்க்கரை. ரீடரின் கடமை காப்பியில், அதாவது கொடுத்தவர் எழுதிய மூலத்தில் உள்ளது, அப்படியே புரூஃபில் வந்திருக்கிறதா என்று பார்ப்பதுதான், காப்பியைத் திருத்துவது அல்ல. ஆனால் நான் திருத்தினேன். ஒரு மளிகைக் கடைக்காரர் விலாச அட்டையில் எழுதியிருந்த தப்பைச் சரிசெய்து கொடுத்ததற்கு அவர் எனக்குக் கால் வீசை நாட்டுச் சர்க்கரை அனுப்பினார். ஊரில் எனக்குக் கொஞ்சம் பேர் ஏற்பட்டது. அரைக்குடம் தளும்பும் என்பார்கள். நான் தளும்பிக்கொண்டிருந்தேன்.

கம்பாசிட்டர் வரதராஜன்பேட்டைக்காரர். கிறிஸ்தவர். நாற்பத்தைந்து வயது இருக்கும். வாரத்தில் ஆறு நாள் அச்சகத்துப் பின்கட்டிலேயே தங்கிச் சமைத்துச் சாப்பிடுவார், ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு ஊருக்குப் போய்விட்டுத் திங்கள் காலை வந்துவிடுவார். அவருக்கு இங்கிலீஷ் ஒரு வார்த்தைக்கும் அர்த்தம் தெரியாது. ஆனால் இங்கிலீஷ் எழுத்து ஒவ்வொன்றின் உருவமும் தெரியும், அதுவும் இடம் வலமாகத் திரும்பி நிற்கும் உருவம். காப்பியைப் பார்ப்பார், கை தானாக மரக்கேஸின் அந்தந்த அறைக்குள் போய் ஈய எழுத்தை எடுத்துவரும், இடது கையில் பிடித்த ஸ்டிக் என்ற சின்னச் சட்டத்தில் வரிசையாக நிறுத்தும். அவர் கோத்த புரூஃபில் காப்பிக்கு மாறாக ஓர் எழுத்துக்கூட நான் கண்டதில்லை. அர்த்தம் தெரியாததால்தான் அவ்வளவு சுத்தமாக இருந்தது என்று இப்போது தோன்றுகிறது. அர்த்தம் தெரிந்தவனுக்குத்தான் கை நீளும்.

அவர் என்னைத் தம்பி என்பார். நான் அவரை அண்ணே என்பேன்.

பெரம்பலூர்ப் பக்கத்தில் ஒரு ஹைஸ்கூல் இருந்தது. அவர்கள் கால், அரை, வருஷப் பரீட்சைக் கேள்வித் தாள்களை எங்களிடம் அச்சடிக்கக் கொடுத்தார்கள். காகிதத்துக்குக் கட்டுப்பாடு இருந்த காலம். இப்படி ஒரு வேலை வருஷத்துக்கு மூன்று முறை கிடைப்பது எங்கள் முதலாளிக்குப் பெரிய தெம்பு. கேள்வி வெளியே போய்விட்டால் அந்தத் தெம்பு போய்விடும் என்று அவருக்கு எப்போதும் பயம். அதற்காக அவர் ஓர் ஏற்பாடு வைத்திருந்தார்.

கேள்வித் தாள் கையெழுத்தில் வரும். அதை வாங்கியதும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கத்தரிக்கோலால் துண்டு துண்டாக வெட்டுவார். எந்த வகுப்பு, என்ன பாடம், எத்தனை மார்க், என்ன செய்ய வேண்டும் என்ற வரிகள் எல்லாம் அவரிடமே இருக்கும். அவற்றை அவரே கோப்பார். நடுவில் உள்ள சமாச்சாரம் மட்டும் துண்டாகக் கம்பாசிட்டருக்கு வரும். கணக்குத் தாளில் ஒரு துண்டு, பூகோளத்தில் ஒரு துண்டு, இங்கிலீஷில் ஒரு துண்டு என்று கலந்துதான் கொடுப்பார். துண்டும் புரூஃபும் எனக்கு வரும். நான் பார்த்துச் சிவப்பு மையில் திருத்தினால் கம்பாசிட்டர் எழுத்தை மாற்றி அவரிடம் கொடுத்துவிடுவார். கடைசியில் எல்லாவற்றையும் சேர்த்துப் பக்கமாகக் கட்டுவதும் முதலாளிதான். அச்சானதும் புரூஃப்களைக் கொல்லையில் போட்டுக் கொளுத்துவார். ஈய எழுத்துகளைக் கலைத்துக் கேஸில் போட்டுவிடச் சொல்வார். வெட்டின துண்டுகளை மட்டும் ஒரு தாளில் பழையபடி ஒட்டி, அச்சான தாள்களுடன் அரக்கு வைத்து ஸ்கூலுக்கு அனுப்புவார். முழுக் கேள்வித் தாளைப் பார்த்தவர் அச்சகத்தில் அவர் ஒருவர்தான். அவருக்கோ இங்கிலீஷ் தெரியாது. இதைவிடப் பத்திரமான ஏற்பாடு வேறு ஏது என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

அந்த வருஷம் டிசம்பர் முதல் வாரத்தில் என் மேசைக்கு வந்த துண்டில் ஏழு வாக்கியங்கள் இருந்தன. வேறு ஒன்றும் இல்லை. தலைப்பு இல்லை, எண் இல்லை. நியூஸ் ஆர் குட் என்று முதல் வாக்கியம். மேதமேடிக்ஸ் ஆர் மை ஃபேவரிட் சப்ஜெக்ட் என்று இரண்டாவது. ஒரு சீரீஸ் லெக்சர் ஏற்பாடு செய்யப்பட்டது என்பதற்கு, எ சீரீஸ் ஆஃப் லெக்சர்ஸ் வேர் அரேஞ்ச்டு. மீசில்ஸ் ஆர் எ டேஞ்சரஸ் டிசீஸ். பிசிக்ஸ் ஆர் டாட் இன் திஸ் ஸ்கூல். செகண்ட் இன்னிங்ஸ் வேர் ஷார்ட். கடைசியாக, தி சிசர்ஸ் இஸ் ஆன் தி டேபிள்.

படித்தபோது எனக்கு உண்டான சந்தோஷத்தை மறைக்க விரும்பவில்லை. பி.ஏ., எல்.டி. படித்த ஒரு வாத்தியார், ஏழு வாக்கியம் எழுதி ஏழிலும் தப்பு!

இங்கிலீஷில் சில சொற்கள் எஸ் என்று முடிந்து பன்மை மாதிரி வேஷம் போடும், ஆனால் ஒருமைதான். நியூஸ் எத்தனை வந்தாலும் இஸ் தான். கணக்குக்கும் பிசிக்ஸுக்கும் அப்படியே, அவை ஒரு பாடத்தின் பெயர். தட்டம்மை ஒரு வியாதி, உடம்பெல்லாம் புள்ளி இருந்தாலும் வியாதி ஒன்று. சீரீஸ் ஒன்று என்றால் வாஸ். இரண்டு சீரீஸ் என்றால் வேர் வரும், ஆனால் சொல் மாறாது. முன்னே என்ன இருக்கிறது என்று பார்த்துத்தான் சொல்ல வேண்டும். இன்னிங்ஸும் அதே சாதி. கத்தரிக்கோல் மட்டும் நேர் எதிர். கையில் இருப்பது ஒரே கத்தரிக்கோல்தான், ஆனால் அதற்கு இரண்டு அலகு, அதனால் இங்கிலீஷ்காரனுக்கு அது எப்போதும் ஆர். தமிழில் நமக்கு இந்தத் தொல்லை கிடையாது. செய்தியில் கள் ஒட்டினால் பன்மை, ஒட்டாவிட்டால் ஒருமை, வேஷம் ஒன்றும் இல்லை. இந்தப் பட்டியலை நான் ஐந்தாம் பாரத்தில், அதாவது பத்தாம் வகுப்பில், மனப்பாடம் செய்து, வாய்ப்பாடு மாதிரி சொல்லிக்கொண்டு திரிந்தவன்.

சிவப்பு மையை எடுத்தேன். ஆர், வேர் எல்லாவற்றையும் அடித்து இஸ், வாஸ் போட்டேன். கத்தரிக்கோலுக்கு மட்டும் இஸ்ஸை அடித்து ஆர் போட்டேன். அந்த ஒன்றைப் போடும்போது எனக்குள் ஒரு தனி மிதப்பு. இவை எதற்காகக் கொடுக்கப்பட்ட வாக்கியங்கள் என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். தமிழில் மொழிபெயர்க்கக் கொடுத்திருப்பார்கள் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். வாத்தியாரே தப்பாக எழுதியிருந்தால் பிள்ளைகள் கெட்டுப்போவார்களே என்று அவர்கள் மேல் கருணைவேறு.

கம்பாசிட்டர் புரூஃபை வாங்கிப் பார்த்துவிட்டு உடனே திரும்பி வந்தார். துண்டையும் கையில் எடுத்து வந்திருந்தார்.

"தம்பி, காப்பியில இப்படித்தான் இருக்கு. நான் பாத்துத்தான் கோத்தேன். ஏழு எடத்துல செவப்பு போட்டிருக்கீங்களே?"

"நீங்க கோத்தது சரிண்ணே. காப்பியே தப்பு."

"ஏழு எடத்துலயுமா?"

"ஏழுலயும்தான். பெரிய படிப்பு படிச்ச வாத்தியாரு. லட்சணம் அப்படி."

அவர் துண்டை மறுபடி பார்த்தார். அவருக்கு அதில் தெரிவது வெறும் உருவங்கள்தான். இருந்தாலும் ஏழு என்ற எண்ணிக்கை அவருக்கு உறுத்தியது.

"ஒருத்தரு ஒரே மாதிரி ஏழு தப்பு பண்ணுவாரா தம்பி? எதுக்கும் மொதலாளிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுப்புடலாமா?"

"அவருகிட்ட கேட்டு? அவருக்கு என்னண்ணே தெரியும்? உங்களுக்குத்தான் என்ன தெரியும்? போட்டதைப் போடுங்க."

அவர் போய் எழுத்துகளை மாற்றிவிட்டார். அன்று சாயங்காலம் டீக்கடையில் மூன்று பேரிடம் இதைச் சொல்லிச் சிரித்தேன். எந்த ஸ்கூல், என்ன தாள் என்று சொல்லவில்லை. இரகசியம் காப்பதில் நான் மகா கெட்டிக்காரன்.

பரீட்சை நடந்த மறுநாள் எழுதின கடிதம் செவ்வாய்க்கிழமை முதலாளிக்கு வந்தது. ஹெட்மாஸ்டர் கையெழுத்து. முதலாளி அதை என்னிடம்தான் கொடுத்துப் படிக்கச் சொன்னார். நின்றுகொண்டே படித்து அர்த்தம் சொன்னேன். ஐந்தாம் பாரம் இங்கிலீஷ் இரண்டாம் தாள், நான்காவது கேள்வி. கீழ்க்கண்ட வாக்கியங்களில் உள்ள பிழைகளைத் திருத்துக. ஏழு மார்க். ஆனால் அச்சாகி வந்த வாக்கியங்களில் பிழையே இல்லை. எல்லாம் ஏற்கெனவே திருத்தப்பட்டிருந்தன. பிள்ளைகள் திண்டாடிப்போனார்கள். இப்படிப்பட்ட அச்சகத்துக்கு இனி வேலை கொடுக்கலாமா என்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

பிழைகளைத் திருத்துக என்ற வரிக்கு நான் வந்தபோதே எனக்கு முழுதும் விளங்கிவிட்டது. மீதியை எப்படிப் படித்தேன் என்று தெரியவில்லை. முதலாளி வெட்டித் தம்மிடம் வைத்துக்கொண்டிருந்த வரி அதுதான்.

முதலாளி கம்பாசிட்டரைக் கூப்பிட்டார்.

"காப்பியில இருக்கறது ஒண்ணு, நீ கோத்தது ஒண்ணா? எத்தனை வருஷமாய்யா இந்தத் தொழில்ல இருக்கே?"

"காப்பியில இருந்தபடிதாங்க கோத்தேன். புரூஃப்ல செவப்பு போட்டு வந்துச்சு, மாத்துனேன்."

முதலாளி என் பக்கம் திரும்பினார். "நீயா போட்டே?"

அந்த நேரத்தில் ஆம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் விஷயம் முடிந்திருக்கும். இங்கிலீஷைத் திருத்தச் சொன்னவரே அவர்தான். நான்கு வசவு விழுந்திருக்கும், அவ்வளவுதான். ஆனால் படித்தவன், தப்பே செய்யாதவன் என்று ஊரெல்லாம் வாங்கின பேர் என் கழுத்தைப் பிடித்தது. கேள்வியே என்னவென்று தெரியாமல் கேள்வியைக் கெடுத்தவன் என்று ஆகிவிடுமே என்று இருந்தது. புரூஃப் எரிந்துபோயிற்று, எழுத்துகள் கலைந்துபோயின என்பதும் அதே நொடியில் மனத்தில் ஓடியது. வெட்கக்கேடு, ஆனால் ஓடியது.

"எனக்கு ஞாபகம் இல்லீங்க. எத்தனையோ துண்டு வந்துச்சு" என்றேன்.

கம்பாசிட்டர் என்னைப் பார்த்தார். ஏதாவது சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். டீக்கடைக்காரனைக் கேட்டாலும் போதும், நான் சிரித்தது தெரிந்துவிடும். முதலாளிதான் பேசினார்.

"இவன் படிச்சவன். தப்பு இருக்கற கேள்வின்னு பாத்தாலே இவனுக்குத் தெரியாதா? நீதான் ஊருக்குப் போற அவசரத்துல எதையோ பாத்து எதையோ கோத்திருக்கே. வருஷத்துக்கு மூணு வேலை குடுக்கற ஸ்கூலு. இனி நான் என்ன செய்வேன்? நீ வூட்டுக்குப் போ. ஆளு தேவைன்னா சொல்லி அனுப்பறேன்."

கம்பாசிட்டர் கையில் இருந்த ஸ்டிக்கைக் கேஸின் மேல் வைத்தார். மண்ணெண்ணெய்த் துணியால் விரல்களைத் துடைத்துக்கொண்டார். பின்கட்டுக்குப் போய்ப் பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார். கிறிஸ்துமஸுக்குப் பத்து நாள் இருந்தது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று நம்மவர்கள் சொல்வது எவ்வளவு சரியான கணக்கு என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

புதன், வியாழன் இரண்டு நாளும் நானே கேஸ் முன்னால் நின்று எழுத்துக் கோத்தேன். ஒரு கல்யாணப் பத்திரிகைக்கு அரை நாள் ஆயிற்று. முதலாளியிடம் சொல்லிவிட வேண்டும் என்று காலையில் தோன்றும். அவர் முகத்தைப் பார்த்ததும் சாயங்காலம் சொல்லலாம் என்று தோன்றும். சாயங்காலம், நாளைக் காலை. அவர் தாமாகவே கோபம் தணிந்து ஆள் அனுப்பிவிட்டால் நான் சொல்லவேண்டிய அவசியமே இராது என்றும் ஒரு நப்பாசை இருந்தது. அந்த இரண்டு நாளில் எனக்குச் சோறு இறங்கவில்லை என்று சொன்னால் நன்றாக இருக்கும். இறங்கியது.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு அந்த ஸ்கூலின் இங்கிலீஷ் வாத்தியாரே வந்துவிட்டார். பெரம்பலூரிலிருந்து, பெட்ரோல் இல்லாமல் கரிவாயுவில் ஓடிய பஸ்ஸில் வந்ததால் வேட்டி, சட்டை, தலைப்பாகை எல்லாம் கரித்தூள். ஐம்பது வயதிருக்கும், சாந்தமான முகம். நான் அவரை மனத்துக்குள் எவ்வளவு ஏளனம் செய்திருந்தேனோ அவ்வளவு மரியாதையாக எழுந்து நாற்காலி போட்டேன். அவர் பையிலிருந்து கையெழுத்துத் துண்டுகள் ஒட்டிய தாளையும், அச்சான தாளையும், சில விடைத்தாள்களையும் எடுத்து மேசையில் வைத்தார். அவர் சண்டை போட வரவில்லை. கதை சொல்ல வந்தவர் மாதிரி இருந்தார்.

"மொதலாளி, இதைப் பாருங்கோ. பிழையைத் திருத்துன்னு கேட்டிருக்கு. பிழை இல்லை. பையன் என்ன பண்ணுவான்? கேள்வியில பொய் சொல்லுவாங்கன்னு அவனுக்குத் தோணுமா? பிழை இருக்குன்னா இருக்கு. இருக்கற சரியை எல்லாம் மாத்திட்டான். நியூஸ் இஸ்ஸை நியூஸ் ஆர்னு பண்ணிட்டான். பாதிப் பேரு நான் கையால எழுதின ஏழு தப்பையும் அச்சு அசலா எனக்கே திருப்பிக் குடுத்திருக்கான்."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். ஒரு விடைத்தாளைத் தனியாக எடுத்தார்.

"இந்த ஒரு பையன் மட்டும் எல்லாம் சரியாத்தான் இருக்குன்னு எழுதியிருக்கான். அப்புறம் பயந்துபோய் அதை அடிச்சுட்டு அவனும் ஆர் போட்டுட்டான். அந்தக் கேள்வியையே கணக்குல சேக்கறதில்லைன்னு முடிவு பண்ணிட்டோம். அதை விடுங்கோ. இப்ப நான் வந்தது வேற விஷயத்துக்கு. இதை யார் பண்ணினது?"

"கம்பாசிட்டருங்க. பாக்காம கோத்துட்டான். வேலையை விட்டு அனுப்பிட்டேன்" என்றார் முதலாளி.

"அவருக்கு இங்கிலீஷ் தெரியுமோ?"

"ஒரு எழுத்துக்கும் அர்த்தம் தெரியாதுங்க."

வாத்தியார் தலையை ஆட்டினார். அச்சான தாளில் விரலை வைத்தார்.

"அப்படின்னா அவர் இல்லை. பாக்காம கோத்தா எழுத்து மாறும், வார்த்தை விட்டுப்போகும். ஏழு எடத்துல சரியான வினை வந்து உக்காருமா? இந்த சீரீஸைப் பாருங்கோ. பக்கத்துல லெக்சர்ஸ்னு பன்மை நிக்கறது. அதைப் பாத்து வேர்னு போடாம, முன்னால உள்ள சீரீஸைப் பாத்து வாஸ் போட்டிருக்கு. என் கிளாஸ்ல ரெண்டு பேருக்கு வரும் அது. அதையும் விடுங்கோ. கடைசியில கத்தரிக்கோல். மத்த ஆறையும் ஒரு மாதிரி எழுதிட்டு இதை மட்டும் வேணும்னே திருப்பி வெச்சேன். ஆர் வந்த எடத்துல எல்லாம் இஸ் போட்டுண்டு போறவன் இங்க வந்து விழணும். விழலையே. தெரிஞ்சவர்தான் பண்ணியிருக்கார். நன்னாத் தெரிஞ்சவர்."

பிறகு அவர் என்னைப் பார்த்தார். முதலாளியைத் தவிர அச்சகத்தில் அப்போது மேசை நாற்காலியுடன் இருந்தவன் நான் ஒருவன்தான்.

என்னைக் கடைசியில் காட்டிக்கொடுத்தது நான் மிதப்பாகப் போட்ட அந்த ஆர்தான். ஒரே ஒரு இடத்தில் எனக்குத் தெரியாமல் இருந்திருந்தால் தப்பித்திருப்பேன் என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். அப்படி நினைக்கிற அளவுக்கு இருந்தது என் நிலை.

"நான்தான் சார் போட்டேன்" என்றேன். "தலைப்பு எனக்கு வரலை. வாக்கியம் மட்டும்தான் வந்துச்சு. மொழிபெயர்க்கக் குடுத்ததுன்னு நெனச்சுட்டேன்."

"தலைப்பு வரலையா? ஏன் வரலை?"

முதலாளி பதில் சொல்ல வேண்டியதாயிற்று. கத்தரிக்கோல் ஏற்பாட்டை அவர் விளக்கியபோது முன்பிருந்த பெருமை குரலில் இல்லை. வாத்தியார் முழுதும் கேட்டுவிட்டு, "இரகசியம் நல்லதுதான். ஆனா என்ன பண்ணணுங்கறதை மட்டும் பண்றவாளுக்குச் சொல்லிடுங்கோ" என்றார். வருஷப் பரீட்சைத் தாளையும் இங்கேயே கொடுப்பதாகச் சொன்னார், புரூஃபைத் தாமே வந்து பார்ப்பதாகவும் சொன்னார். போகும்போது என்னிடம் நின்று, "உனக்கு நன்னா வரது. மேலே படிக்கலையோ?" என்று கேட்டார். இரண்டு வருஷமாக யாராவது கேட்கமாட்டார்களா என்று நான் ஏங்கிய கேள்வி. அன்றைக்கு அதைக் கேட்டு எனக்கு ஒன்றும் ஏற்படவில்லை.

அவர் போனதும் முதலாளி சத்தம் போடவில்லை. என்னை விட்டால் அவருக்கும் வேறு ரீடர் இல்லை. "ஞாபகம் இல்லேன்னு சொன்னியே" என்றார். பிறகு, "நீயே போயிக் கூட்டிக்கிட்டு வா. நான் அனுப்பினேன்னு சொல்லு. நீதான் பண்ணுனேன்னும் சொல்லு" என்றார்.

மறுநாள் காலை பஸ்ஸில் ஜெயங்கொண்டம் போய், அங்கிருந்து பாதி வண்டியும் பாதி நடையுமாக வரதராஜன்பேட்டைக்குப் போனேன். கோயில் பக்கத்தில் கிறிஸ்துமஸ் குடில் கட்ட மூங்கில் அடித்துக்கொண்டிருந்தார்கள். அவர் வீட்டைக் காட்டினார்கள். அவர் மனைவி சொம்பில் தண்ணீர் கொடுத்து, "வாங்க தம்பி, அச்சாபீஸ்லேருந்தா? அவுக கொல்லையில இருக்காக" என்றார். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை என்பது அந்த வரவேற்பிலேயே தெரிந்தது. திருநாளுக்கு முன்னதாகவே லீவு விட்டுவிட்டார்கள் என்று கணவர் சொல்லி வைத்திருந்தாராம்.

கம்பாசிட்டர் கொல்லையில் வேலிக்குக் கருவேல முள் வெட்டிக் கட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அரிவாளைக் கீழே வைத்தார். வழியெல்லாம் நான் பேச்சைத் தயார்செய்து வைத்திருந்தேன். எல்லாம் போய்விட்டது.

"அண்ணே, என் தப்புதான். மொதலாளிக்குத் தெரிஞ்சுபோச்சு. உங்களைக் கூட்டிக்கிட்டு வரச் சொன்னாரு" என்றேன்.

அவர் ஒரு முள்ளை விரலிலிருந்து பிடுங்கினார்.

"நீங்களா சொன்னீங்களா, கண்டுபுடிச்சாங்களா?"

பொய் சொல்லலாம் என்று அப்போதும் தோன்றியது என்பதை எழுதித்தான் ஆகவேண்டும். இங்கிலீஷ் வாத்தியார் அவரிடம் இதைப் பேசப்போவதில்லை. முதலாளி சொல்லிக்கொண்டிருக்கமாட்டார். ஆனால் முடியவில்லை.

"கண்டுபுடிச்சாங்க" என்றேன்.

"சரி" என்றார். "நீங்களா சொல்லுவீங்கன்னு மூணு நாளா ரோட்டைப் பாத்துக்கிட்டு இருந்தேன். அதான் கேட்டேன்."

எனக்கு அழுகை வந்தது. அவர் அதைப் பார்க்காதவர்போல அரிவாளை எடுத்துக்கொண்டு முள்ளைச் சீவத் தொடங்கினார். அவர் மனைவி சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும் என்று பிடிவாதம் பிடித்துக் கேழ்வரகுக் களியும் கருவாட்டுக் குழம்பும் போட்டார். கருவாடு என் வீட்டில் தொடாத பொருள். சாப்பிட்டேன். கிறிஸ்துமஸ் கழிந்து வருவதாக முதலாளியிடம் சொல்லும்படி கம்பாசிட்டர் சொன்னார். வாசல்வரை வந்து வழியனுப்பினார். கோபமாக ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு லேசாகியிருக்கும்.

சொன்னபடி வந்தார். கேஸ் முன்னால் நின்று, வழக்கம்போல ஒன்றும் பிசகாமல் வேலை பார்த்தார். முதல் நாள் நான் அவரிடம் கொடுத்தது ஒரு தமிழ்க் கல்யாணப் பத்திரிகையின் புரூஃப். அதில் ஒரே ஓர் இடத்தில் ஈய எழுத்து உடைந்து துணைக்கால் விழாமல் போயிருந்தது, அதைச் சிவப்பில் காட்டியிருந்தேன். அவர் பார்த்துவிட்டு மாற்றப் போகவில்லை. புரூஃபை என் மேசையிலேயே திருப்பி வைத்தார்.

"இதுல ஒரு கையெழுத்து போட்டுக் குடுங்க."

"வெறும் கால்தானேண்ணே?"

"இருக்கட்டும். போட்டுக் குடுங்க."

போட்டுக் கொடுத்தேன். அதை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு போய் எழுத்தை மாற்றினார். அதற்குப் பிறகு இரண்டு வருஷம் அவரோடு வேலை பார்த்தேன். கையெழுத்து இல்லாமல் என் திருத்தம் ஒன்றைக்கூட அவர் கையால் தொடவில்லை.